கயிறு இழுத்த இடங்கள்

செய்தி வந்தபோது மாலை நாலு மணி இருக்கும். தைவானின் துறைமுக நகரமான கீலுங்கில் காலையிலிருந்தே மழை. ரூலான் ஒரு சமையல் நிகழ்ச்சிக்குத் திரையின் அடியில் ஓடும் வசன வரி வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வரியில் பதினாறு எழுத்துக்கு மேல் போகக் கூடாது, காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் போடக் கூடாது, பேசுகிறவர் வாயை மூடுவதற்குள் பார்க்கிறவர் படித்து முடித்திருக்க வேண்டும். சமையல்காரி மூச்சு விடாமல் பேசுகிறவள். அவளுடைய நீண்ட வாக்கியம் ஒன்றை எங்கே உடைப்பது என்று ரூலான் யோசித்துக்கொண்டிருக்கையில் வேலைக் குழுவுக்குச் செய்தி அனுப்பாமல் மேலாளர் ஜென்தாய் நேரே போன் செய்தான். அவன் போனில் அழைப்பவனே இல்லை.

"ரூலான், உக்காந்திருக்கியா?"

"நின்னுக்கிட்டா டைப் அடிப்பேன்? சொல்லு."

"மான்லிங் அக்கா போயிட்டாங்க. மதியம், வீட்டுக்கு ஏறுற மலைப் படிக்கட்டுல. கையில மீன் உருண்டை சூப் வாங்கிட்டுப் போயிருக்காங்க. தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருக்குன்னு சொல்றாங்க."

ரூலான் திரையைப் பார்த்தாள். சமையல்காரி கரண்டியை உயர்த்தியபடி உறைந்து நின்றாள்.

"கேக்குதா?" என்றான் ஜென்தாய்.

"கேக்குது."

பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். கேட்கவே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அக்கா கேட்டு எழுத எடுத்து வைத்திருந்த ஒலி ஃபைல் ஒன்று பாதியில் நிற்கிறது. கெடு நாளை நண்பகல். கெடு தாண்டினால் அது தானாக வரிசைக்குத் திரும்பிவிடும். பார்க்கிறவர்களுக்கு யார் கையிலிருந்து வந்தது என்பதும் தெரியும்.

"ஆவிங்க உலாவுற ஏழாம் மாசம் வேற நடக்குது. செத்தவங்க கேட்டுக்கிட்டிருந்த ஃபைலை யாரும் காதுல மாட்ட மாட்டேங்கிறாங்க. ஷாவ்வெய்யைக் கேட்டேன், 'அண்ணே, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை'ங்கிறான்."

"எனக்கும்தான் ஆகலை."

"நீ வேற, அவன் வேற. அவங்களோட ஃபைலையெல்லாம் இத்தனை வருஷமா சரிபாத்தது நீதானே? இன்னொரு விஷயம். நகராட்சியோட முதியோர் நினைவுப் பதிவு இது. ஃபைல்ல பேசுற பெரியவர் தினமும் போன் பண்ணி எழுத்து வந்துச்சா, எழுத்து வந்துச்சான்னு கேக்குறாராம். ஞாயித்துக்கிழமை அவரோட பையன் அவரைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்துல விடுறான். அதுக்கு முன்னாடி கையில கிடைக்கணுமாம்."

"எதுக்காம்?"

"யாருக்குத் தெரியும்? ஏதோ வேணுமாம்."

அன்று வியாழக்கிழமை.

*

லியென் மான்லிங்குக்கு இடது காது கேட்காது. ஐந்து வயதில் தாளம்மை வந்து தாடை வீங்கி இறங்கியபோது அந்தக் காதையும் கொண்டுபோய்விட்டது. மீதமிருந்த ஒரு காதை வைத்துக்கொண்டு அவள் முதலில் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள், பிறகு காதால் பிழைக்கும் இந்த வேலைக்கு வந்தாள். நேர்முகத்தில் ஜென்தாய் தயங்கியபோது, "உங்க ஆளுங்களுக்கு ரெண்டு காது இருக்கு, ஒண்ணுல கேட்டு இன்னொண்ணுல விட்டுடுறாங்க. எனக்கு விட வழியில்லை" என்றாளாம். அந்தப் பதிலுக்காகவே எடுத்தேன் என்று ஆண்டிறுதி விருந்தில் அவன் வருடா வருடம் சொல்வான்.

பேட்டிப் பதிவுகளில் பெரும்பாலும் இரண்டு மைக் இருக்கும். கேட்பவரின் குரல் ஒரு பக்கம் ஓங்கி வரும், சொல்பவரின் குரல் மறு பக்கம். ஒரு காது உள்ளவருக்கு அதில் பாதிப் பேச்சு நழுவிவிடும். அதனால் மான்லிங் எந்த ஃபைலை எடுத்தாலும் முதல் வேலையாக இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து ஒற்றை ஒலியாக்கிவிடுவாள். பிறகு வலது காதில் மட்டும் மாட்டிக்கொண்டு உட்காருவாள்.

பேருந்து நிலைய வேலையை விட்டதே அம்மா படுக்கையில் விழுந்ததால்தான். கட்டிலுக்குப் பக்கத்திலேயே மேசை போட்டாள். ஆனால் நல்ல காதில் ஹெட்ஃபோன் ஏறிவிட்டால் அம்மா கூப்பிடுவது கேட்காது. அதற்கு அவள் ஒரு வழி செய்தாள். ஒரு கயிற்றின் ஒரு முனை அம்மாவின் மணிக்கட்டில், மறுமுனை தன் கணுக்காலில். தண்ணீர் வேண்டுமென்றால் அம்மா இழுப்பாள். சும்மாவும் இழுப்பாள். "என்னம்மா?" என்று திரும்பினால், "இருக்கியான்னு பாத்தேன்" என்பாளாம்.

அம்மா இறந்த பிறகும் மான்லிங் கயிற்றை அவிழ்க்கவில்லை. கட்டில்காலில் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையைப் பழையபடி கணுக்காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். "கால் அதுக்குப் பழகிடுச்சு, இல்லைன்னா டைப் ஓடமாட்டேங்குது" என்று ரூலானிடம் சொல்லியிருக்கிறாள்.

ரூலான் அவளை நேரில் பார்த்தது மாதம் ஒரு முறை, கோயில் தெருவில் நூடுல்ஸ் சாப்பிடப் போகும்போதுதான். மற்றபடி அவர்களுக்குள் இருந்த பழக்கமெல்லாம் ஃபைலின் ஓரக் குறிப்புகளில் நடந்தது. மான்லிங் தட்டச்சு செய்வாள், ரூலான் சரிபார்ப்பாள். நடை விதிகளில் ஒன்றை மான்லிங் மந்திரம் மாதிரி வைத்திருந்தாள். புரியாத பேச்சு வந்தால் மூன்று முறை கேள், ஒரு முறை வேகத்தைக் குறைத்துக் கேள். அப்போதும் பிடிபடவில்லை என்றால் நேரத்தைக் குறித்து 'தெளிவில்லை' என்று போட்டுவிட்டு மேலே போ. ஊகித்து எழுதாதே.

"இதுல என்ன சொல்றாங்கன்னு எனக்கே தெரியுதேக்கா, போட்டுடலாமே" என்று ரூலான் ஆரம்ப நாளில் குறிப்பு எழுதினாள்.

"உனக்குத் தெரியுது, கேக்கலை. கேட்டதை மட்டும் எழுது" என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை அவளிடமிருந்து வந்த கடைசிச் செய்தி போனில் இருந்தது. 'இந்த ஃபைல்ல கயிறு ரொம்ப இழுக்குதுடி.' அதற்கு ரூலான் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பியிருந்தாள்.

*

வெள்ளிக்கிழமை காலை ஃபைலைத் தன் பெயருக்கு மாற்றித் திறந்தாள். மான்லிங்கின் அமைப்புகள் அப்படியே இருந்தன: ஒற்றை ஒலி, வேகம் கொஞ்சம் குறைவு, எழுத்து பெரியது. தெருவில் கீழ்வீட்டுக்காரர்கள் தகரப் பீப்பாயில் செத்தவர்களுக்கான காகிதப் பணம் எரித்துக்கொண்டிருந்தார்கள். புகை வராமல் சன்னலைச் சாத்தினாள்.

பெரியவரின் பெயர் வெங் தியென்ஷௌ. இந்தியப் பெருங்கடல் வரை சூரை மீன் பிடிக்கப் போனவர். பேட்டி எடுத்தவள் யூஃபென் என்ற நகராட்சி ஒருங்கிணைப்பாளர். பதிவு வசந்தத்தின் கடைசியில், அவர் வீட்டுக் கூடத்தில் எடுக்கப்பட்டது. எதையும் விடாமல் எழுத வேண்டும் என்பது இந்த வாடிக்கையாளரின் நிபந்தனை: இருமல், பெருமூச்சு, தயக்கம், மூன்று நொடிக்கு மேற்பட்ட மௌனம், எல்லாம்.

மான்லிங்கின் எழுத்து எப்போதும்போலச் சுத்தமாக இருந்தது. பெரியவர் பேசும் தைவான் மொழிச் சொற்களுக்கெல்லாம் அங்கீகரித்த பட்டியலில் உள்ள சரியான எழுத்துகள். பத்து நிமிடம் போனதும் இப்படி ஒரு வரி வந்தது:

வேறொருவர்: [தெளிவில்லை]

ரூலான் நிறுத்தினாள். பின்னால் தள்ளிக் கேட்டாள். பெரியவர் அலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருகிறார், நிறுத்துகிறார். மௌனம். பிறகு கொஞ்சம் உரக்கத் தொடர்கிறார். வேறு யாரும் பேசவில்லை. மூன்று முறை கேட்டாள், வேகத்தைக் குறைத்தும் கேட்டாள். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

சில நிமிடம் கழித்து மறுபடி அதே வரி. அங்கேயும் அதே மௌனம்தான். அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் பெரியவர் பேச்சை நிறுத்தும் இடம். ஒவ்வொன்றுக்கும் நேரம் மிகத் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருந்தது. மௌனம் தொடங்கும் நேரமாக இல்லாமல் அதற்கு ஒன்றிரண்டு நொடி தள்ளி, அந்த இடத்தில் ஒரு குரல் எழுந்தது போலவே.

ரூலான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். வெடிக்கப்போகிற குழாய் தலைக்குள் இருந்தபோது அக்காவுக்கு ஏதேதோ கேட்டிருக்கிறது, அவளும் விதிப்படி குறித்துவைத்திருக்கிறாள் என்று நினைத்தாள். ஜென்தாயைக் கூப்பிட்டாள்.

"அதை எடுத்துடு" என்றான் அவன் உடனே. "இல்லாத ஆளைப் போட்டா பெரிய பிழை. 'தெளிவில்லை' அளவுக்கு மேல போனா ஃபைலே திரும்பி வந்துடும். அக்கா கை பட்ட கடைசி ஃபைல், சுத்தமா போகட்டும்."

"யூஃபெனைக் கேட்டுட்டு எடுக்குறேன். வீட்டுல வேற யாராவது இருந்திருக்கலாம்ல."

யூஃபென் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள் போல. மழைத் துடைப்பான் சத்தம் கேட்டது. "மூணாவது ஆளா? யாருமே இல்லையே. நானும் அவரும்தான். அவரோட மனைவி சீனப் புத்தாண்டுக்கு முன்னாடியே தவறிட்டாங்க. தனியாத்தான் இருக்காரு. ஏன் கேக்குறீங்க?"

"எழுதினவங்க சில இடத்துல ஒரு குரல்னு குறிச்சிருக்காங்க. நான் எடுத்துடுறேன்."

துடைப்பான் சத்தம் நின்றது. வண்டியை ஓரம்கட்டியிருந்தாள்.

"கொஞ்சம் இருங்க. எந்த இடத்துல?"

"அவர் பேச்சை நிறுத்துற இடத்துலயெல்லாம்."

"ஐயோ" என்றாள் யூஃபென். "இதை நான் உங்ககிட்ட சொல்லக் கூடாது, மாசம் சரியில்லை. அந்தப் பையன் ஏன் அவரை இல்லத்துல சேக்குறான் தெரியுமா? மனைவி கூப்பிடுறாங்கன்னு சொல்றாராம். சமையலறைப் பக்கத்துல இருந்து. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்காங்க, மூளை தேய ஆரம்பிச்சிருக்கும்னு சொல்லிட்டாரு. பேட்டி முடிஞ்சு நான் மைக்கைக் கழட்டும்போது பெரியவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இதை எழுதுறவங்க வெளியாளுதானே? அவங்களுக்கு என்னைத் தெரியாதுல்ல?'ன்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். 'அப்ப சரி, அவங்க எழுதட்டும்'னாரு. அதுக்காகத்தான் தினமும் போன்."

"நீங்க எதுவும் கேக்கலையா, அங்க இருந்தப்ப?"

"நான் அடுத்த கேள்வியை யோசிச்சுக்கிட்டிருந்தேன்மா. எனக்கு அவர் குரல் மட்டும்தான் கேட்டுச்சு."

*

போனை வைத்த பிறகு ரூலான் அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு விசையைத் தட்டினால் போய்விடும். அவற்றை எடுத்தால் அந்தப் பெரியவருக்குக் கடைசிச் சாட்சியும் போய்விடும். எடுக்காமல் விட்டால், தன் காதில் விழாத ஒன்றைத் தன் பெயரில் அனுப்ப வேண்டும். கேட்டதை மட்டும் எழுது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. மௌனம் என்று அவள் கேட்ட அந்த இடங்களில் எதுவுமே இல்லை. ஒரு வீட்டுக் கூடத்தில் அப்படி இருக்க முடியாது. குளிர்பெட்டியின் உறுமல் இருக்கும், துறைமுகம் இருக்கும், மழை இருக்கும். இதில் எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பக்கத்தில் பேசிய இரண்டு குரல் மட்டும் மிச்சம்.

இதை அவள் முன்பு ஒரு முறை பார்த்திருக்கிறாள். இரண்டு மைக்கில் ஒன்றின் கம்பியை யாரோ பழுதுபார்க்கும்போது மாற்றிப் பொருத்திவிட்டால் வருகிற கோளாறு. ஒரு மைக் ஒலியை ஏற்றமாகப் பதிந்தால் மற்றது அதையே இறக்கமாகப் பதியும். தனித்தனியாகக் கேட்டால் வித்தியாசம் தெரியாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், தூரத்திலிருந்து இரண்டு மைக்குக்கும் ஒரே அளவாக வந்த ஒலியெல்லாம் ஒன்றையொன்று தின்று தீர்ந்துவிடும். சட்டையில் மைக் குத்தியிருக்கிறவரின் குரல் ஒரு பக்கம் ஓங்கி விழுவதால் தப்பித்துக்கொள்ளும்.

மான்லிங் கலந்துதான் கேட்டிருக்கிறாள். எப்போதும் அப்படித்தான்.

ரூலான் ஒற்றை ஒலியை இரட்டையாக மாற்றினாள். இரண்டு காதிலும் மாட்டினாள். முதல் குறிக்குப் போனாள்.

குளிர்பெட்டி உறுமியது. எங்கோ ஒரு கப்பல் கூவியது. பெரியவர் அலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினார். ஒரு நொடி. இன்னொரு நொடி.

பெண்குரல்.

அது இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. கம்பி மாறிய ஒலி அப்படித்தான் கேட்கும், அதற்குத் திசை இருக்காது, பிடரிக்குப் பின்னால் நிற்கும். அது ரூலானுக்குத் தெரியும். தெரிந்தும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எழுந்து சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். ஏழாம் மாதத்தில் பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். திரும்பவில்லை.

நின்றபடியே யோசித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கலாம். தொலைக்காட்சியாக இருக்கலாம். அந்தத் தெருவில் சுவர்கள் மெல்லியவை. ஆனால் பெரியவர் ஒவ்வொரு முறையும் குரல் எழுவதற்கு முன்னாலேயே பேச்சை நிறுத்தியிருந்தார், வரப்போவது தெரிந்தவர் மாதிரி. அது முடிந்ததும் பதில் சொல்லாமல், கொஞ்சம் உரக்க, மேலே பேசியிருந்தார்.

அக்கா எப்படிக் குறித்தாள்? ஒரு பக்கத்தை மட்டும் தனியாகக் கேட்டிருந்தால் அவளுக்கும் விழுந்திருக்கும். ஒரு தடவை அப்படிக் கேட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் செய்து ரூலான் பார்த்ததில்லை. கயிறு ரொம்ப இழுக்குதுடி.

மறுபடி உட்கார்ந்தாள். விதிப்படி மூன்று முறை, ஒரு முறை வேகம் குறைத்து. என்ன சொல்கிறது என்று தெரிகிற மாதிரி இருந்தது. ஒரு பெயர், வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுகிற பெயர். தெரிகிற மாதிரி இருந்ததை அவள் எழுதவில்லை. 'வேறொருவர்: [தெளிவில்லை]' என்பதை அப்படியே விட்டாள். ஓரத்தில் குறிப்பு போட்டாள்: 'பெண்குரல். இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டுக் குறித்தது. பதிவை ஒற்றை ஒலியாக்க வேண்டாம்.' அடுத்த குறிக்குப் போனாள். அடுத்ததற்கும்.

பதினோரு மணிவாக்கில் ஜென்தாய் மறுபடி போன் செய்தான். "எடுத்தாச்சா?"

"எடுக்கலை. நானும் கேட்டேன்."

"என்னத்தை?"

"வந்து மாட்டிப் பாரு."

"நான் ஏன் மாட்டணும்? பிழைன்னு திரும்பி வந்தா?"

"என் பேர்ல திரும்பி வரட்டும்."

"ஒரு ஊதுபத்தியாவது கொளுத்தி வச்சுக்கோ, தாயே" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

மான்லிங் தொடாத கடைசிப் பகுதியை ரூலானே தட்டச்சு செய்தாள். பெரியவர் ஓய்வு பெற்ற கதை, பென்ஷன் கதை, முழங்கால் வலி. யூஃபென் நன்றி சொன்னாள். மைக்கைக் கழற்றும் சரசரப்பு. கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வி, அவள் சொன்ன பதில். அதோடு முடிந்ததென்று ரூலான் நினைத்தாள். ஆனால் பதிவை அணைக்க மறந்திருந்தார்கள்; மைக்குகள் மேசையில் கிடந்தன, ஓசை ஓடிக்கொண்டிருந்தது. காலடிகள் வாசல் பக்கம் போயின. கூடம் காலியாக இருந்தது.

காலிக் கூடத்தில் அந்தப் பெண்குரல் மறுபடி வந்தது. இந்த முறை அதற்கு ஒரு பதிலும் வந்தது. இன்னொரு பெண். பதில் வருவதற்கு முன்னால் மூக்கால் ஒரு சின்ன "ம்" கேட்டது. ஒவ்வொரு குரல் செய்தியையும் அப்படித்தான் தொடங்குகிற ஒருத்தியை ரூலானுக்குத் தெரியும். வசந்தத்தின் கடைசியில் மான்லிங் உயிரோடு, மலைவீட்டில், தன் மேசையில் இருந்தாள்.

ரூலான் இன்னொரு முறை கேட்டாள். பிறகு 'வேறிருவர்: [தெளிவில்லை]' என்று தட்டி, நேரம் குறித்து, பன்னிரண்டு அடிக்கச் சில நிமிடம் இருக்கையில் ஃபைலை அனுப்பினாள்.

*

சனிக்கிழமை யூஃபென் தாள்களை அச்செடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனாள். பையனும் இருந்தானாம், பெட்டி கட்டிக்கொண்டு.

"கப்பல் கதையை ஒரு வரி படிக்கலைங்க" என்று மாலையில் ரூலானிடம் சொன்னாள். "பக்கத்தைப் புரட்டிப் புரட்டி அந்த வரிகளை மட்டும் தேடினாரு. ஒவ்வொண்ணு மேலயும் விரலை வச்சாரு. அப்புறம் பையனைக் கூப்பிட்டு, 'படிடா'ன்னாரு. அவன் படிச்சான். 'இதுல என்ன சொல்றாங்கன்னு போடலையேப்பா'ன்னான். 'அது எனக்குத் தெரியும்டா. யாரோ பேசுனாங்கன்னு போட்டிருக்கா இல்லையா?'ன்னாரு. அவன் சமையலறைப் பக்கம் போனான். போய்ட்டு ரொம்ப நேரம் திரும்பி வரலை."

"அப்புறம்?"

"ஞாயித்துக்கிழமைக்குச் சொல்லியிருந்த வண்டியை வேண்டாம்னு சொல்லிட்டான். 'இப்போதைக்கு'ன்னு சொல்றான். இப்போதைக்குன்னாலும் போதும்னு இருந்துச்சு எனக்கு. எழுதினவங்களை ஒரு தடவை பாக்கணும்னாரு பெரியவர். என்ன சொல்றதுன்னு தெரியலை. வெளியூர்னு சொல்லிட்டேன்."

மான்லிங்கின் அண்ணன் மகள் திங்கட்கிழமை வந்து வீட்டைக் காலி செய்தாள். கணினியை ஜென்தாய்க்குக் கொடுத்தாள். கட்டில்காலில் கட்டியிருந்த கயிற்றை என்ன செய்வது என்று தெரியாமல் ரூலானுக்குப் போன் செய்தாள். "இந்த முடிச்சு இறுகிக் கிடக்குக்கா, ரெண்டு பக்கமும் யாரோ இழுத்த மாதிரி. வெட்டிடவா?" வெட்ட வேண்டாம் என்று ரூலான் போய் உட்கார்ந்து, நகத்தால் அவிழ்த்து எடுத்துவந்தாள். அது இப்போது அவள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. காலில் கட்டிக்கொள்ளவில்லை.

அந்த ஃபைல் பிழை என்று திரும்பி வரவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற பச்சைக் குறியோடு பட்டியலின் அடியில் இருக்கிறது. வேறு ஃபைல்களுக்காகத் திறக்கும்போது கண்ணில் படும். விதிப்படி மூன்று முறை கேட்ட பிறகுதான் 'தெளிவில்லை' போட வேண்டும். கடைசிக் குறிக்கு ரூலான் இரண்டு முறைதான் கேட்டிருக்கிறாள். மூன்றாவது முறை இன்னும் பாக்கி.